நான்கு பக்கப் புகாரும் இரண்டு சிறு மனுக்களும்





தெருவிளக்கு எரியாவிட்டாலும் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் நம் தெருக்களில் முதலில் எழுவது பேச்சுதான். தொழுகை முடிந்து திரும்பும் வழியிலும் தேநீர்க் கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் அந்தப் பேச்சு பல நாட்கள் நடக்கும். பிறகு எவராவது ஒருவர் எழுத அமர்வார். அதுவரை பேசிய அனைத்தும் அந்த எழுத்தில் இறங்கிவிடும். அப்படி எழுதப்பட்ட ஒரு புகாரைச் சுருக்கித் தரும் பொறுப்பு 2024-ஆம் ஆண்டு என்னிடம் வந்தது. எதை நீக்கினோம், எதை வைத்துக்கொண்டோம், அதில் இல்லாத எதைச் சேர்த்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். வேறு தெருவில் உள்ள ஒருவருக்கு இது பயன்படக்கூடும்.

புகாரை எழுதியவர் எங்கள் தெருவின் மூத்தவர். ஓய்வுபெற்ற கணக்காளர். நாங்கள் அனைவரும் அவரை மாமா என்றே அழைப்போம். முழுத்தாளில் நான்கு பக்கங்கள், அடித்தல் திருத்தல் இல்லாத அழகிய கையெழுத்து. எங்கள் தெரு உருவான வரலாறு, நாங்கள் ஒழுங்காகச் செலுத்திவரும் சொத்து வரி, அடுத்த தெருவுக்குக் கிடைத்த சிமெண்ட் சாலை, தேர்தல் நேரத்து வாக்குறுதிகள், கொசுத்தொல்லை, இருட்டில் விழுந்த ஒரு பெரியவர், ஊழியர் ஒருவர் பணம் எதிர்பார்க்கிறார் என்ற சந்தேகம், இறுதியாகச் சாலை மறியல் செய்வோம் என்ற எச்சரிக்கை. இவை எல்லாம் அதில் இருந்தன. எரியாத விளக்கு எந்தக் கம்பத்தில் உள்ளது என்பது மட்டும் இல்லை.

"ஹஜ்ரத், நான்கு பக்கத்தை நான்கு வரியாக்கினால் நம் வேதனை எங்கே போகும்?" என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண, ஒரு மனு நகராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தபின் எங்கெங்கே போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

மனுவை முதலில் வாங்குவது தபால் பிரிவு. அங்கே உள்ளவர் அனுப்புநரின் பெயரையும் "பொருள்" என்ற வரியையும் பார்த்து, பதிவேட்டில் எண்ணிட்டு, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று குறிக்கிறார். மேலதிகாரியின் சுருக்கொப்பத்துடன் அது அந்தப் பிரிவுக்குச் செல்கிறது. பிரிவில் உள்ள பொறியாளரோ ஆய்வாளரோ அதைப் படித்து, களப்பணியாளரிடம் சொல்கிறார். அப்படிச் சொல்வது பெரும்பாலும் வாய்மொழியாக, அல்லது ஒரு துண்டுச் சீட்டில், அல்லது கைபேசியில். ஏணியுடன் வருகிற மின்பணியாளர் நம் மனுவைப் பார்ப்பதே இல்லை. அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி. அந்த வரி சரியாக இருந்தால் அவர் நேராக வந்து வேலையை முடிப்பார். "அந்தப் பக்கம் ஏதோ விளக்கு எரியவில்லையாம்" என்று இருந்தால், பகல் வெளிச்சத்தில் எல்லாக் கம்பங்களும் ஒன்றுபோலவே தெரியும். அவர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

ஆகவே மாமாவிடம் இப்படிச் சொன்னேன்: "கடைசியாக வருகிற பணியாளரின் காதில் விழ வேண்டிய வரி எதுவோ, அதை நாமே எழுதிக் கொடுத்துவிடுவோம். மீதி எல்லாம் அந்த வரிக்குத் துணையாக இருந்தால் இருக்கட்டும், இல்லையேல் போகட்டும்."

முதல் திருத்தத்திலேயே அந்தப் புகார் இரண்டாகப் பிரிந்தது. தெருவிளக்கைக் கவனிப்பது பொறியியல் பிரிவைச் சேர்ந்த மின்பணியாளர்கள். சாக்கடை தூர்வாருவது பொது சுகாதாரப் பிரிவு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் அது ஏதேனும் ஒரு பிரிவுக்குத்தான் போகும். அந்தப் பிரிவு தன் பங்கை முடித்ததும் கோப்பு முடிந்துவிடும், மற்றது அப்படியே கிடக்கும். நம் வீட்டு வாசலில் இரண்டும் ஒரே துன்பமாகத் தெரியலாம். அலுவலகத்தில் அவை இரண்டு மேசைகள்.

அதன்பின் மாமாவும் நானும் மதரஸாவில் ஓதும் பெரிய மாணவர் ஒருவரும் மாலையில் தெருவில் நடந்து பார்த்தோம். விளக்கைப் பற்றி அறிய வேண்டியவை சிலவே. கம்பத்தில் பெயிண்டால் எழுதப்பட்ட எண் 27. அதற்கு முன்னும் பின்னும் உள்ள 26, 28 ஆகிய கம்பங்களில் விளக்கு எரிந்தது. இது முக்கியமான செய்தி. வரிசையாகப் பல விளக்குகள் எரியவில்லை என்றால், அவற்றை மொத்தமாக இயக்கும் பெட்டியிலோ மின்வழியிலோ பழுது இருக்கலாம். ஒன்று மட்டும் எரியாவிட்டால் பழுது பெரும்பாலும் அந்த விளக்கிலோ அதற்குச் செல்லும் இணைப்புக் கம்பியிலோதான் இருக்கும். இதைச் சொல்லிவிட்டால் வருபவர் மாற்று விளக்குடன் வருவார். கம்பம் சாய்ந்திருக்கிறதா, கம்பி தொங்குகிறதா என்றும் கீழே நின்றபடியே பார்த்தோம். அப்படி இருந்திருந்தால் மின்வாரியத்துக்கு அன்றே தொலைபேசியில் சொல்ல வேண்டியிருக்கும். ஏனெனில் விளக்கைப் பராமரிப்பது நகராட்சி என்றாலும், கம்பமும் மின்கம்பியும் பொதுவாக மின்வாரியத்தின் பொறுப்பு. மழைக்காலத்தில் எவரும் கம்பத்தைத் தொட்டுப் பார்க்கவும் வேண்டாம், ஏறிப் பார்க்கவும் வேண்டாம்.

சாக்கடைக்குச் சற்று அதிக நேரம் எடுத்தது. மாமாவின் புகாரில் "தெரு முழுவதும் சாக்கடை நாறுகிறது" என்று இருந்தது. நாங்கள் பார்த்தபோது, கதவு எண் 18 முதல் 31 வரைதான் தண்ணீர் தேங்கி நின்றது. 31க்கு அடுத்துத் தெருவைக் குறுக்கே கடக்கும் சிறுபாலம் இருக்கிறது. அதற்கு அப்பால் வாய்க்கால் கிட்டத்தட்டக் காய்ந்து கிடந்தது. வீடுகளிலிருந்து அதிகம் தண்ணீர் இறங்கும் காலை நேரத்தில் மறுநாளும் போய்ப் பார்த்தோம். மேல்புறம் நீர் ஏறியது, கீழ்ப்புறம் ஒரு விரற்கடை கூட வரவில்லை. அடைப்பு அந்தச் சிறுபாலத்தின் அடியில்தான் என்பது தெளிவாயிற்று. இது தெரியாமல் "தூர்வார வேண்டும்" என்று மட்டும் எழுதினால், பணியாளர்கள் வந்து திறந்த பகுதியில் உள்ள மண்ணை அள்ளிக் கரையில் குவித்துவிட்டுப் போவார்கள். இரண்டு நாளில் தண்ணீர் மீண்டும் தேங்கும்.

இனி நீக்கியவற்றைச் சொல்கிறேன். தெருவின் வரலாறு போயிற்று. சொத்து வரியும் போயிற்று, ஏனெனில் வரி கட்டாத தெருவாக இருந்தாலும் விளக்கு எரியத்தான் வேண்டும். அடுத்த தெருவின் சிமெண்ட் சாலை போயிற்று. அதைக் காண்கிற அதிகாரி, இது சாலை கேட்கும் மனு என்று எண்ணி, நிதி ஒதுக்கீடு வரும்போது பார்ப்போம் என ஒதுக்கி வைக்க வாய்ப்புண்டு. மறியல் எச்சரிக்கையும் போயிற்று. முதல் மனுவிலேயே கடைசி ஆயுதத்தைக் காட்டினால், அது குறை சொல்லும் மனுவாக இல்லாமல் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகப் படிக்கப்படும்.

பணம் எதிர்பார்க்கிறார் என்ற வரியை நீக்கச் சொன்னபோதுதான் சிலருக்கு வருத்தம் ஏற்பட்டது. "உண்மையைச் சொல்ல என்ன பயம்?" என்றார் ஒரு தம்பி. நான் கேட்டது ஒன்றுதான்: "உங்களிடம் அவர் கேட்டாரா? கேட்டதைப் பார்த்தவர் எவரேனும் உண்டா?" இல்லை. கேள்விப்பட்டதுதான். தான் அறியாத ஒன்றுக்குச் சாட்சி சொல்லக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு, அதே கையால் இதில் ஒப்பமிட எனக்கு மனமில்லை. உண்மையாகவே லஞ்சம் கேட்கப்பட்டிருந்தால் அதற்குரிய இடம் வேறு. அங்கே நாள், இடம், சொன்ன சொல் ஆகியவற்றுடன் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். விளக்கு மனுவுக்குள் அதைச் செருகினால் விளக்கும் எரியாது, விசாரணையும் நடக்காது.

விழுந்த பெரியவரைப் பற்றி மாமா முக்கால் பக்கம் எழுதியிருந்தார். அதை நீக்கவில்லை, ஒரு வரியாக்கினோம். 26.10.2024 அன்று இரவு இஷா தொழுகை முடிந்து திரும்புகையில், இருட்டில் தேங்கிய நீரில் வழுக்கி 71 வயதுப் பெரியவர் ஒருவர் விழுந்து அவருடைய மணிக்கட்டு எலும்பு முறிந்தது. நாள், இடம், காயம் மூன்றும் இருக்கின்றன. அலுவலகத்தில் அன்று கிடக்கும் பல மனுக்களில் இதை முதலில் எடுக்க ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் இது. மாமா கேட்ட வேதனை இந்த ஒரு வரியில் இருக்கிறது என்பதை அவர் வாசித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். பெரியவரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டோம்.

சேர்க்க வேண்டியிருந்த ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வாய்க்கால் குளியல், சமையல் நீருக்கானது. ஆனால் சில வீடுகளின் கழிப்பறைத் தொட்டியிலிருந்து வழியும் நீரும் குழாய் வழியாக அதில் விழுகிறது. தெருவில் எல்லோருக்கும் தெரியும், நான்கு பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. இதை எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது, முதல் கையெழுத்திட்ட காக்கா ஒருவர் முகம் மாறினார். "ஹஜ்ரத், இதை எழுதினால் அடைப்பு எடுக்க வருவதற்கு முன்னால் என் வீட்டுக்கு நோட்டீஸ் வந்துவிடும். நம் குறையைச் சொல்லப் போய் நம்மையே காட்டிக்கொடுப்பதா?" என்றார்.

அவருடைய அச்சம் பொய்யில்லை. ஆயினும் மறுபக்கத்தில் ஒருவர் இருக்கிறார். அந்தச் சிறுபாலத்தின் அடியில் கையைவிடப் போகும் தூய்மைப் பணியாளர் அவர். மலம் கலந்த கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடை செய்து 2013-இல் சட்டம் வந்திருக்கிறது. மூடிய இடத்தில் தேங்கும் கழிவிலிருந்து எழும் நச்சு வாயு நொடிகளில் ஆளை மயக்கும் என்பதை நாம் செய்திகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம். வெறும் மழைநீர் வாய்க்கால் என்று நினைத்து அவர் இறங்கி, ஏதேனும் நேர்ந்தால், நாம் எழுதாமல் விட்ட வரி நம்மை விடாது. பாதையிலிருந்து தீங்கை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று ஓதிக்கொடுக்கிறோம். அந்தத் தீங்கை இன்னொரு மனிதரின் தலையில் இறக்கிவைத்து அகற்றுவதற்குப் பெயர் வேறு.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு மாமாதான் வழி சொன்னார்: கதவு எண் வேண்டாம், "சில வீடுகளின்" என்று எழுதினால் போதும். பணியாளருக்கு வேண்டியது அங்கே என்ன இருக்கிறது என்பதே, யாருடையது என்பதன்று. காக்காவும் அதற்கு இணங்கி, தம் வீட்டுக் குழாயைத் துண்டித்து உறிஞ்சுகுழி அமைக்கும் வேலையைத் தொடங்குவதாகச் சொன்னார்.

இறுதியில் வந்த முதல் மனு இதுதான்:

"பெறுநர்: ஆணையர் அவர்கள், நகராட்சி அலுவலகம்.
பொருள்: 14-ஆவது வார்டு, மேலத்தெரு, கம்பம் எண் 27 — தெருவிளக்கு எரியாமை — சரிசெய்யக் கோருதல்.
ஐயா, வணக்கம். மேற்கண்ட கம்பத்தின் விளக்கு 14.10.2024 முதல் எரியவில்லை. அடுத்துள்ள 26, 28 எண் கம்பங்களில் விளக்குகள் எரிகின்றன. 26.10.2024 இரவு இவ்விடத்தில் இருட்டில் வழுக்கி விழுந்த 71 வயது முதியவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. விளக்கை விரைவில் சரிசெய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இரண்டாவது மனு:

"பொருள்: 14-ஆவது வார்டு, மேலத்தெரு, கதவு எண் 31 அருகிலுள்ள சிறுபாலம் — அடைப்பு — இயந்திரம் மூலம் நீக்கக் கோருதல்.
ஐயா, வணக்கம். மேற்கண்ட சிறுபாலத்தின் அடியில் அடைப்பு ஏற்பட்டு, கதவு எண் 18 முதல் 31 வரை மூன்று வாரங்களாகக் கழிவுநீர் தேங்கியுள்ளது. பாலத்துக்கு அப்பால் நீர் செல்லவில்லை. சில வீடுகளின் கழிப்பறைத் தொட்டி நீரும் இதில் கலப்பதால், பணியாளர் எவரும் உள்ளே இறங்காதவாறு, இயந்திரத்தின் மூலம் அடைப்பை நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வாகனம் வர, தெருவில் நிறுத்தப்படும் வண்டிகளை அன்று நாங்களே அப்புறப்படுத்தித் தருகிறோம்."

இரண்டும் தனித்தனித் தாள்கள். "பொருள்" வரி ஒன்றே போதும், களப்பணியாளர் வந்து சேர்ந்துவிடலாம். அனுப்புநராக 43 பேரையும் எழுதவில்லை. பகலில் வீட்டில் இருப்பவரும் கைபேசியை எடுப்பவருமான ஒருவரின் பெயரும் முகவரியும் எண்ணும் மட்டும் மேலே இருந்தன. மற்றவர்களின் கையெழுத்துகள் இணைப்புத் தாளில். பணியாளர் வந்து அழைக்கும்போது, "நான் அவரில்லை, அவரைக் கேளுங்கள்" என்று சொல்லாமல் இடத்தைக் காட்ட ஒருவர் வேண்டும்.

04.11.2024 திங்கட்கிழமை காலை மாமாவே அலுவலகம் சென்றார். ஒவ்வொரு மனுவிலும் இரண்டு படிகள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தபால் பிரிவின் முத்திரை, நாள், பதிவு எண் ஆகியவற்றைப் பெற்று வந்தார். அந்த முத்திரையிட்ட படி மிகவும் முக்கியம். அது இல்லாமல் மறுமுறை போனால், மனு கொடுத்தோம் என்பதையே முதலில் நிறுவ வேண்டியிருக்கும்.

நான்காம் நாள் 27-ஆம் கம்பத்தில் புதிய விளக்கு எரிந்தது. சாக்கடைக்கு அவ்வளவு எளிதில் விடிவு வரவில்லை. இரண்டு வாரம் எதுவும் நடக்கவில்லை. மாமா பதிவு எண்ணுடன் மீண்டும் சென்றார். மனு எந்த மேசையில் இருக்கிறது என்பதை அந்த எண்ணைக்கொண்டு அங்கேயே தேடி எடுத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் இயந்திர வாகனம் வந்தது. பாலத்தின் சிலாப்பைத் தூக்கியபோது அடியில் இறுகிக் கிடந்தது ஒரு சிமெண்ட் மூட்டை. எவரோ வீடு கட்டிய காலத்தில் மழையில் நனைந்து கல்லாகிப்போனது, நம் தெருவில் இருந்தே போனது.

அப்படியும் நடக்காவிட்டால் அடுத்த படிகள் உண்டு. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில், முத்திரையிட்ட படியின் நகலை இணைத்து மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணில் சொல்லலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அங்கும் சுருக்கமே உதவும். "ஏன் செய்யவில்லை?" என்பது விளக்கம் கேட்பது, அதற்குப் பதில் கிடைக்காமல் போகலாம். "இன்ன நாளில் இன்ன பதிவு எண்ணில் பெறப்பட்ட மனுவின்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைக் காட்டும் பதிவுகளின் நகல்" என்பது ஆவணம் கேட்பது. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சிறுபாலத்தின் அடித்தளம் ஒருபுறம் இறங்கியிருப்பது சிலாப்பைத் தூக்கியபோது தெரிந்தது. அதைச் சீர்செய்வது தூர்வாரும் வேலையன்று, கட்டுமான வேலை. மதிப்பீடு தயாரித்து நிதி ஒதுக்க வேண்டும். எனவே அது பொறியியல் பிரிவுக்குச் செல்ல வேண்டிய மூன்றாவது மனு. அதை இப்போது மாமா எழுதிக்கொண்டிருக்கிறார். பாலத்தின் நீள அகலங்களை அளந்துவிட்டார். அரைப் பக்கத்தில் முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.